அழகு நிலையத்தின் எண்ணும் அதைத் தேடி வரும் ஆறு இலக்கமும்

முகூர்த்தத்துக்கு முந்தைய நாள் மாலையில், கும்பகோணத்தில் நான்கு பேர் வேலை செய்யும் ஒரு பியூட்டி பார்லரை எடுத்துக்கொள்வோம். உள்ளே இருவருக்கு ஃபேஷியல் நடக்கிறது. ஒருவர் மெஹந்தி காய்வதற்காகக் காத்திருக்கிறார். உரிமையாளர் மறுநாள் மணப்பெண்ணுக்கு வைக்க வேண்டிய ராக்கொடியையும் சடைநாகத்தையும் எடுத்துச் சரிபார்த்துக்கொண்டிருக்கிறார். கடையின் போன் முன்மேசையில் இருக்கும் பெண்ணிடம் இருக்கிறது. மாதந்தோறும் வரும் ஒரு வாடிக்கையாளரின் வாட்ஸ்அப்பிலிருந்து அதில் ஒரு செய்தி வருகிறது: “அக்கா, எனக்கு வர வேண்டிய கோடு மாறி உங்க நம்பருக்கு வந்துடுச்சு, கொஞ்சம் அனுப்புங்களேன்.” அதே நிமிடத்தில் ஆறு இலக்க எண் ஒன்றும் குறுஞ்செய்தியாக வந்திருக்கிறது. தெரிந்தவர்தானே என்று அந்தப் பெண் அதை அப்படியே அனுப்பிவிடுகிறார். சிறிது நேரத்தில் கடையின் போனில் வாட்ஸ்அப் வெளியேறிவிடுகிறது. இரவுக்குள், அட்வான்ஸ் கொடுத்திருந்த மூன்று மணப்பெண்களின் வீட்டுக்கும், மீதித் தொகையை இப்போதே இந்த எண்ணுக்கு அனுப்பினால் கட்டணத்தில் 2,000 ரூபாய் குறையும் என்ற செய்தி போகிறது.

இங்கே நடந்தது என்னவென்று புரிந்துகொண்டால், பாதுகாப்பு வேலையில் பாதி முடிந்துவிடும். வாட்ஸ்அப் கணக்கு என்பது போன் என்ற கருவியோடு கட்டப்பட்டதன்று. அது எண்ணோடு கட்டப்பட்டது. உலகத்தில் எங்கே இருப்பவரும் தம் போனில் வாட்ஸ்அப்பைத் திறந்து உங்கள் பார்லரின் எண்ணைத் தட்டச்சு செய்யலாம். அப்போது “இந்த எண் உன்னிடம்தான் இருக்கிறதா” என்று சோதிப்பதற்காக வாட்ஸ்அப் ஆறு இலக்கக் குறியீட்டை அந்த எண்ணுக்கு, அதாவது உங்கள் சிம்முக்கு, அனுப்புகிறது. அந்தக் குறியீட்டைச் சொல்லிவிட்டால், எண் அவரிடம் இருப்பதாக வாட்ஸ்அப் எடுத்துக்கொள்ளும். செய்தி அனுப்பிய வாடிக்கையாளர் பொய் சொல்லவில்லை. அவருடைய கணக்கும் இதே வழியில் ஏற்கெனவே பறிபோயிருக்கிறது. அதனால்தான் “தெரிந்தவர்களிடம் மட்டும் சொல்லலாம்” என்ற விதி இங்கே உதவாது. ஒருவருக்கு வர வேண்டிய குறியீடு இன்னொருவர் எண்ணுக்கு மாறி வருவதாகச் சொல்லி யார் கேட்டாலும், அது உங்கள் எண்ணுக்காகவே வந்த குறியீடு என்று கொள்வதுதான் சரியான விதி.

குறியீட்டை யாரும் சொல்லாமலேயே கணக்கு போவதும் உண்டு. குறுஞ்செய்தி வரவில்லை என்றால் குறியீட்டை அழைப்பின் வழியாகவும் சொல்ல வாட்ஸ்அப்பில் வசதி இருக்கிறது. உங்கள் எண்ணுக்கு வரும் அழைப்புகளைத் தம் எண்ணுக்குத் திருப்பிவிட்டால், அந்த அழைப்பை மோசடிக்காரரே எடுத்துக் கேட்டுக்கொள்வார். அழைப்பைத் திருப்புவதற்கு உங்கள் கையையே பயன்படுத்துவார்கள். பேஷியல் கிட் கொண்டுவரும் கூரியர் ஆள் என்று சொல்லிக்கொண்டு அழைத்து, விலாசம் உறுதி செய்ய * அல்லது # குறியுடன் தொடங்கி ஒரு பத்து இலக்க எண்ணோடு முடியும் வரிசையை அழுத்தச் சொல்வார்கள். `*401#` போன்ற குறியீடுகள் வழியாக அழைப்பைத் திருப்பும் வசதியை 2024 ஏப்ரல் 15 முதல் நிறுத்திவைக்கும்படி தொலைத்தொடர்புத் துறை நிறுவனங்களுக்கு உத்தரவிட்டது. ஆனாலும் வேறு குறியீடுகளையும் போனின் அமைப்புகளையும் வைத்துத் திருப்பச் சொல்லும் முயற்சிகள் உண்டு என்பதால், பொருள் தெரியாத எந்த வரிசையையும் கடைப் போனில் அழுத்தக் கூடாது. எல்லா அழைப்புகளும் ஏற்கெனவே திருப்பப்பட்டிருக்கின்றனவா என்று பார்க்க முதல் வரியையும், எல்லாத் திருப்பலையும் நீக்க இரண்டாம் வரியையும் அழைப்பது போல டயல் செய்யலாம்.

```
*#21#
##002#
```

எல்லா நிறுவனங்களின் இணைப்பிலும் இவை ஒரே மாதிரி வேலை செய்வதில்லை. பதில் வராவிட்டால், போன் செயலியின் அமைப்புகளுக்குள் Call forwarding என்ற இடத்தில் நேரடியாகப் பார்த்து நீக்கிவிடலாம்.

இந்த இரண்டு வழிகளையும் ஒருசேர அடைப்பது வாட்ஸ்அப்பில் இருக்கும் Two-step verification என்ற அமைப்புதான். அமைப்புகளில் Account என்ற பகுதிக்குள் அது இருக்கிறது. அதை இயக்கினால் நீங்களே ஆறு இலக்க ரகசிய எண் ஒன்றை முடிவு செய்துகொள்வீர்கள். பிறகு புதிய போனில் கணக்கைத் திறக்க முயல்பவர் குறுஞ்செய்திக் குறியீட்டோடு இந்த எண்ணையும் கொடுத்தாக வேண்டும். முன்மேசைப் பெண் ஏமாந்து குறியீட்டைச் சொல்லிவிட்டாலும் கணக்கு தப்பும், ஏனென்றால் இந்த ரகசிய எண் அவருக்கே தெரிந்திருக்கத் தேவையில்லை. அதை மறந்துவிட்டால் மீட்பதற்காக ஒரு மின்னஞ்சல் முகவரியையும் சேர்த்துவிடுங்கள். எண் மறக்காமல் இருக்க வாட்ஸ்அப் அவ்வப்போது அதைக் கேட்கும். அது தொந்தரவாக இருக்கிறது என்று அணைத்துவிடுபவர்கள் உண்டு. அப்படி அணைக்காதீர்கள் என்று வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன். கடை திறந்த ஆண்டு, பிறந்த நாள், எண்ணின் கடைசி ஆறு இலக்கம் ஆகியவற்றை ரகசிய எண்ணாக வைக்க வேண்டாம். அவற்றை யாரும் எளிதில் ஊகித்துவிடலாம்.

மேற்சொன்ன திருட்டில் கணக்கு வெளியேறிவிடுவதால் உடனே தெரிந்துவிடும். தெரியாமல் நடக்கும் திருட்டு வேறொன்று. ஒரு வாட்ஸ்அப் கணக்கை நான்கு கூடுதல் கருவிகள் வரை இணைத்து வைக்கலாம். கியூஆர் குறியை ஸ்கேன் செய்தோ, எட்டு எழுத்துக் குறியீடு ஒன்றை உங்கள் போனில் இடச் செய்தோ ஒருவர் தம் கணினியை இணைத்துவிட்டால், உங்கள் போனில் எல்லாம் வழக்கம் போலவே நடக்கும். ஆனால் அண்மைக்கால உரையாடல்களும், இனி வருபவையும் அவருக்கும் தெரியும். எந்த மணப்பெண்ணுக்கு எந்தத் தேதி, எவ்வளவு அட்வான்ஸ் வந்தது, எவ்வளவு பாக்கி என்பதை அறிந்துகொண்டு அவர் பேசும்போது யாருக்கும் சந்தேகம் எழாது. ஆகவே வாரம் ஒருமுறை, கணக்கு பார்க்கும் நாளிலேயே, Linked devices என்ற பட்டியலைத் திறந்து அதில் இருக்கும் ஒவ்வொரு கருவியும் எங்கே இருக்கிறது என்று உங்களால் சொல்ல முடிகிறதா என்று பாருங்கள். சொல்ல முடியாத ஒன்றைத் தொட்டு வெளியேற்றிவிடுங்கள்.

இதே வசதியை நம் பக்கமும் திருப்பிக்கொள்ளலாம் என்பதுதான் எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு. சிம் இருக்கும் போனை உரிமையாளர் தம்மிடமே வைத்துக்கொண்டு, முன்மேசையில் ஒரு டேப்லெட்டையோ பழைய லேப்டாப்பையோ இணைக்கப்பட்ட கருவியாக மட்டும் வைத்துவிட வேண்டும். அங்கிருந்து வாடிக்கையாளர்களுக்குப் பதில் சொல்லலாம், விலைப்பட்டியல் அனுப்பலாம், நேரம் ஒதுக்கலாம். ஆனால் குறுஞ்செய்திக் குறியீடு அந்த மேசைக்கு வரவே வராது; வராத ஒன்றை யாரும் கேட்டு வாங்க முடியாது. ஒருவர் வேலையை விட்டுப் போகும் நாளில் அந்த இணைப்பை நீக்கிப் புதிதாக இணைத்தால் போதும்.

அடுத்து சிம்மைப் பற்றிச் சொல்ல வேண்டும். கடையின் எண் யாருடைய பெயரில் இருக்கிறது என்று கேட்டால், பல பார்லர்களில் சிறிது யோசித்துவிட்டுத்தான் பதில் சொல்வார்கள். கடை தொடங்கிய அவசரத்தில் அன்றிருந்த ஊழியரின் ஆதாரிலோ, சிம் விற்றவர் எடுத்துக் கொடுத்தபடியோ வாங்கியிருப்பார்கள். சட்டப்படி அந்த எண்ணுக்கு உரியவர் அந்தப் பெயர்க்காரர்தான். அவர் நிறுவனத்தின் கடைக்குப் போய், சிம் தொலைந்துவிட்டது என்று சொல்லி மாற்று சிம் வாங்கினால் உங்கள் கையில் இருப்பது செத்துவிடும். எண்ணை உரிமையாளரின் பெயருக்கு மாற்ற, இருவரும் அடையாள ஆவணங்களோடு நிறுவனத்தின் கடைக்குப் போய் விண்ணப்பிக்க வேண்டும். உறவு நன்றாக இருக்கும்போதே அதைச் செய்துவிடுவது நல்லது. உங்கள் பெயரில் எத்தனை இணைப்புகள் இருக்கின்றன என்பதை sancharsaathi.gov.in தளத்தில் உங்கள் எண்ணைக் கொடுத்துப் பார்க்கலாம். அந்தப் பட்டியலில் கடை எண் இல்லையென்றால் அது வேறு யாருடையதோ.

போலி ஆவணங்களோடு மாற்று சிம் எடுப்பதற்கு எதிராக இந்தியாவில் இரண்டு தடைகள் உள்ளன. மாற்று சிம் இயங்கத் தொடங்கிய முதல் 24 மணி நேரம் அதில் குறுஞ்செய்தி வராது. 2024 ஜூலை 1 முதல், சிம் மாற்றிய 7 நாட்களுக்குள் எண்ணை வேறு நிறுவனத்துக்கு மாற்றவும் முடியாது. அந்த ஒரு நாள் உங்களுக்காகக் கொடுக்கப்பட்ட அவகாசம். கடைப் போனில் திடீரென்று சிக்னல் முழுவதும் போய், அதே இடத்தில் அதே நிறுவனத்தின் வேறொரு போன் வேலை செய்தால், “டவர் பிரச்சினையாக இருக்கும்” என்று மறுநாள் வரை காத்திருக்காமல் வேறு எண்ணிலிருந்து நிறுவனத்தை அழைத்து, மாற்று சிம் கோரப்பட்டதா என்று கேட்டு முடக்கச் சொல்லுங்கள். ரீசார்ஜ் செய்யாமல் எண்ணைக் கைவிடுவதும் ஓர் ஆபத்துதான். சில மாதங்கள் பயன்படுத்தாத எண் செயலிழந்து, பின்னர் வேறொருவருக்குக் கொடுக்கப்படும். அந்தப் பழைய எண் உங்கள் இன்ஸ்டாகிராமிலோ ஜிமெயிலிலோ மீட்பு எண்ணாக இருந்தால், கடவுச்சொல் மாற்றும் குறியீடு இனி அந்தப் புதியவருக்குப் போகும்.

இன்ஸ்டாகிராமுக்கு வருவோம். அதன் கடவுச்சொல்லை மாற்றும் வழி மின்னஞ்சலிலோ எண்ணிலோ இருக்கிறது; எனவே கணக்கைக் காப்பதற்கு முன் அது எந்த மின்னஞ்சலில் தொடங்கப்பட்டது என்று தெரிய வேண்டும். மொபைல் கடைத் தம்பி தொடங்கிக் கொடுத்த, கடவுச்சொல் யாருக்கும் நினைவில்லாத ஒரு முகவரி என்று தெரியவந்தால், நீங்கள் தினமும் திறக்கும் மின்னஞ்சலுக்கு இன்றே மாற்றிவிடுங்கள். அந்த மின்னஞ்சலுக்கும் இரண்டடுக்குப் பாதுகாப்பு வேண்டும், ஏனென்றால் மற்ற எல்லாவற்றுக்கும் அதுவே வாசல்.

பார்லர் கணக்குகளுக்கு வரும் தூண்டில் பெரும்பாலும் பாட்டின் வடிவில் வருகிறது. மணப்பெண் அலங்கார ரீல்ஸில் சினிமாப் பாட்டு இல்லாத கணக்கு அரிது. அதைப் பார்த்துவிட்டு, “உங்கள் வீடியோ காப்புரிமையை மீறுகிறது, 24 மணி நேரத்தில் மறுப்புத் தெரிவிக்காவிட்டால் கணக்கு நீக்கப்படும்” என்று இன்ஸ்டாகிராமின் சின்னத்தோடு நேரடிச் செய்தியில் ஒரு இணைப்பை அனுப்புவார்கள். பயம் நியாயமானது என்பதால்தான் இது பலிக்கிறது; பாட்டைப் போட்டது நாம்தானே என்று மனம் உடனே ஒப்புக்கொள்கிறது. ஆனால் இன்ஸ்டாகிராம் இப்படிக் கணக்குச் சிக்கல்களைப் பற்றி நேரடிச் செய்தி அனுப்புவதில்லை. மின்னஞ்சலாக வந்தால், அது உண்மையா என்று செயலிக்குள்ளேயே பார்க்கலாம். கடவுச்சொல், பாதுகாப்பு அமைப்புகள் இருக்கும் Password and security என்ற பகுதியில் Recent emails என்ற இடத்தில், இன்ஸ்டாகிராம் உண்மையில் உங்களுக்கு அனுப்பிய மின்னஞ்சல்களின் பட்டியல் இருக்கிறது. அங்கே இல்லாத மின்னஞ்சலுக்குப் பதில் சொல்ல வேண்டியதில்லை.

அதே பகுதியில் இரண்டடுக்குச் சரிபார்ப்பை இயக்கும்போது, குறுஞ்செய்திக்குப் பதிலாகக் கூகுள் ஆத்தென்டிகேட்டர் போன்ற செயலியைத் தேர்ந்தெடுங்கள். அந்தச் செயலி 30 விநாடிக்கு ஒருமுறை மாறும் குறியீட்டை உங்கள் போனுக்குள்ளேயே உருவாக்குகிறது; அது சிம் வழியாகப் பயணம் செய்யாததால், சிம்மைத் திருடியவருக்கும் அழைப்பைத் திருப்பியவருக்கும் அது கிடைக்காது. ஆனால் இதற்கும் ஓர் எல்லை உண்டு. போலிப் பக்கத்தில் கடவுச்சொல்லையும் இந்தக் குறியீட்டையும் நீங்களே எழுதினால், அந்த 30 விநாடிக்குள் அவர்கள் உண்மைப் பக்கத்தில் அதை இட்டு உள்ளே போய்விடலாம். போலிப் பக்கத்தைக் காட்டிக்கொடுக்கும் எளிய அடையாளம் ஒன்று இருக்கிறது: கடவுச்சொல்லை உங்கள் போன் நினைவில் வைத்திருந்து, வழக்கமாகத் தானே நிரப்பிக் கொடுக்குமானால், அது நிரப்ப முன்வராத பக்கத்தில் நீங்களும் எழுதாதீர்கள். முகவரி வேறு என்பதைப் போன் கவனித்துவிட்டது. பாதுகாப்பை இயக்கும்போது கிடைக்கும் காப்புக் குறியீடுகளை ஒரு தாளில் எழுதி, கடைப் பத்திரங்களோடு வீட்டில் வையுங்கள். போன் உடைந்த நாளில் அந்தத் தாள்தான் உங்களை உள்ளே விடும்.

கணக்கு போய்விட்டால் முதலில் பார்க்க வேண்டியது பழைய மின்னஞ்சலை. யாராவது கணக்கின் மின்னஞ்சலை மாற்றினால், பழைய முகவரிக்கு security@mail.instagram.com என்ற முகவரியிலிருந்து தகவல் வரும். அந்த மாற்றத்தைத் திரும்பப் பெறும் வழி அதிலேயே இருக்கும். அது பலிக்காவிட்டால் instagram.com/hacked பக்கத்தில் தொடங்கலாம். உரிமையாளரின் முகத்தை வீடியோவாக எடுத்து, கணக்கில் இருக்கும் படங்களோடு ஒப்பிட்டுப் பார்ப்பது மீட்பு வழிகளில் ஒன்று. பார்லர் கணக்குகளிலோ நூற்றுக்கணக்கான மணப்பெண்களின் முகங்கள் இருக்கும், உரிமையாளரின் முகம் ஒன்றில்கூட இருக்காது. கடையில் நின்று எடுத்த உங்கள் தெளிவான படங்கள் சில அந்தக் கணக்கில் இருக்கட்டும்.

கும்பகோணத்துக் கடைக்குத் திரும்புவோம். வாட்ஸ்அப் வெளியேறியதைக் கண்டதும் உரிமையாளர் செய்ய வேண்டியது, அதே எண்ணை அதே போனில் உடனே மறுபடியும் பதிவு செய்வது. குறுஞ்செய்திக் குறியீடு இப்போது அவருக்கே வரும். அதை இட்ட கணத்தில் மற்றவர் வெளியேற்றப்படுவார். இடையில் அந்த ஆள் தாமே ஒரு ரகசிய எண்ணை வைத்துவிட்டிருந்தால், அதைக் கேட்டு வாட்ஸ்அப் நிற்கும், 7 நாட்கள் காத்திருக்க வேண்டியிருக்கும். ஆனால் அந்த 7 நாட்களும் அந்த மோசடிக்காரராலும் கணக்கைப் பயன்படுத்த முடியாது. மோசடிக்காரர் குறியீட்டைப் பல முறை தவறாக இட்டு, புதிய குறியீடு சில மணி நேரம் வராதபடி செய்துவிடுவதும் உண்டு. அந்த மணிநேரங்களில்தான் பணம் போகும். அப்போது உதவுவது அப்பாயின்ட்மெண்ட் நோட்டுதான். வரும் மாதங்களுக்கு அட்வான்ஸ் கொடுத்தவர்களின் பெயரும் எண்ணும் தாளில் இருந்தால், கடையில் உள்ள நான்கு பேரும் தங்கள் சொந்தப் போனிலிருந்து ஆளுக்குச் சிலரை அழைத்து, “வாட்ஸ்அப்பில் எது வந்தாலும் பணம் அனுப்பாதீர்கள்” என்று அரை மணி நேரத்தில் சொல்லி முடித்துவிடலாம். ஏற்கெனவே பணம் அனுப்பிவிட்டவர் தாமே 1930 என்ற எண்ணை அழைக்க வேண்டும், அல்லது cybercrime.gov.in தளத்தில் புகார் பதிய வேண்டும். பணம் மற்றொரு கணக்குக்கு நகர்வதற்குள் சொன்னால்தான் அதை நிறுத்திவைக்க வாய்ப்பு அதிகம். அவருக்குத் தேவையான ஸ்கிரீன்ஷாட்டுகளைச் சேகரித்துக் கொடுப்பது கடையின் பொறுப்பு என்றே நான் நினைக்கிறேன்.

கடைசியாக, எதையும் உடைத்து உள்ளே நுழையாத மோசடியும் ஒன்று உண்டு. உங்கள் படங்களையும் சின்னத்தையும் எடுத்து, பெயரில் ஒரு எழுத்தையோ கீழ்க்கோட்டையோ கூட்டி, புதிய கணக்கு ஒன்றைத் தொடங்குவார்கள். உங்கள் ரீல்ஸின் கீழே “விலை எவ்வளவு?” என்று கேட்டிருப்பவர்கள்தான் அவர்களுக்கு வசதியான இலக்கு, பணம் கொடுக்கத் தயாராக இருப்பவர்கள் யார் என்பது அங்கே பகிரங்கமாக எழுதியிருக்கிறது. இதை எந்தக் கடவுச்சொல்லாலும் தடுக்க முடியாது. அந்தக் கணக்கின் பக்கத்தில் Report என்பதைத் தொட்டு, வேறொருவராக நடிக்கிறது என்ற காரணத்தைத் தேர்ந்து புகார் செய்யலாம். அதற்கு முன், அதன் முழுப் பயனர்பெயரும் பணம் அனுப்பச் சொல்லும் எண்ணும் தெரியும்படி படம் எடுத்துவையுங்கள், ஏனென்றால் அவர்கள் பெயரை மாற்றிக்கொள்வார்கள்.

மோசடி பலிக்காமல் செய்ய, பணம் வரும் வழியை ஒன்றாக்கி அதை எல்லோருக்கும் தெரியும்படி சொல்லிவிட வேண்டும். யுபிஐ செயலியில் பணம் அனுப்புவதற்கு முன், பெறுபவரின் வங்கிக் கணக்கில் உள்ள பெயர் திரையில் தோன்றும். கடைப் பெயர் ஒன்றாகவும், வங்கிக் கணக்கு கணவர் பெயரிலும் இருந்தால் வாடிக்கையாளர் குழம்பிவிடுவார். பிறகு எந்தப் பெயர் வந்தாலும் “இதுவும் அவர்கள் வீட்டுப் பெயராக இருக்கும்” என்று நினைத்து அனுப்பிவிடுவார். ஆகவே கடையின் பெயரிலேயே கணக்கு தொடங்கி, அந்தப் பெயரை இன்ஸ்டாகிராம் அறிமுக வரியிலும், வாட்ஸ்அப் விவரத்திலும், புக்கிங் சீட்டிலும் அப்படியே எழுதி, “அட்வான்ஸ் செலுத்தும்போது திரையில் இந்தப் பெயர் மட்டுமே வரும், வேறு பெயர் வந்தால் அனுப்பாமல் கடைக்குப் போன் செய்யுங்கள்” என்று சேர்த்துவிடுங்கள். போலிக் கணக்குக்காரர் உங்கள் படங்களை எல்லாம் எடுத்துக்கொள்ளலாம். அவருடைய கியூஆரை ஸ்கேன் செய்யும் மணப்பெண்ணின் அம்மாவுக்குத் திரையில் முன்பின் தெரியாத ஒருவரின் பெயர்தான் தெரியும்.